முதல் வாரத்து எண்களை எவ்வளவு நம்பலாம்? நோய்ப்பரவல் விசாரணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய்ப்பரவல் விசாரணை பற்றி நான் பேசும்போதெல்லாம் கடைசியில் எழும் கேள்விகள் இவை. இதே தலைப்பில் பேசத் தயாராகிறவர்களுக்கும் இவைதான் வரும் என்பதால் பதில்களை எழுதி வைக்கிறேன். இரண்டு உதாரணங்கள் மட்டுமே திரும்பத் திரும்ப வரும். ஒன்று, பயிற்சிக்காக நானே அமைத்த கற்பனைக் கணக்கு: 200 பேர் தங்கியிருக்கும் ஒரு விடுதியில் பரவும் சுவாச நோய். மற்றது, 2003-இல் உண்மையில் நடந்த, சார்ஸ் என்ற சுவாச நோயின் பரவல்.

நோயாளர் வரையறை என்பது டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பது மாதிரிதானே?

இல்லை. டாக்டர் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு என்ன என்று பார்க்கிறார். அதற்காக அந்த ஒருவரைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் பயன்படுத்துவார். சந்தேகம் இருந்தாலும் சிகிச்சையைத் தொடங்குவார். வரையறை அப்படியல்ல. யாரை நோயாளி என்று கணக்கில் சேர்ப்பது என்று சொல்லும், எண்ணுவதற்கான அளவுப்படி அது. நெல் அளக்கும்போது ஒருவருக்குப் பெரிய படி, இன்னொருவருக்குச் சின்னப் படி என்று வைத்து அளந்தால் கணக்கு எப்படி ஒப்பிட முடியாமல் போகுமோ, அப்படித்தான் ஆளுக்கு ஆள் வரையறை மாறினாலும் ஆகும்.

அறிகுறி, ஆள், இடம், காலம் என்று நான்கு பகுதிகள் அதில் இருக்க வேண்டும். நம் விடுதிக்கு இப்படி எழுதலாம்: "இந்த விடுதியில் தங்கியிருப்பவர், 1ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடையில் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் இருமலும் தொடங்கியவர்." காய்ச்சல் இல்லாமல் இருமல் மட்டும் உள்ள ஒருவருக்கும் அதே கிருமி இருக்கலாம். அவருக்கு டாக்டர் மருந்து கொடுக்கட்டும், நாம் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டோம். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். வகுப்பில் இதை ஏற்கவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது.

ஒன்று மட்டும் கவனம். எந்தக் காரணத்தைச் சோதிக்கப் போகிறோமோ, அதை வரையறைக்குள் வைக்கக் கூடாது. இது ஏன் என்பதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

வரையறையை அகலமாக வைப்பதா, இறுக்கமாக வைப்பதா?

தேடும்போது அகலமாக, காரணத்தை ஆராயும்போது இறுக்கமாக. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் ஏன் என்று கேட்டால் தயங்குவார்கள். கணக்காகவே பார்த்துவிடலாம்.

விடுதியில் 200 பேர். பின்னால் எல்லோரையும் பரிசோதித்ததில் 30 பேருக்கு உண்மையில் தொற்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன "காய்ச்சலும் இருமலும்" வரையறை 40 பேரைப் பிடிக்கிறது. அதில் 24 பேர் உண்மையான நோயாளிகள், 16 பேருக்கு வேறு ஏதோ சாதாரணச் சளி. 6 பேர் நழுவிவிட்டார்கள். அதாவது 30-இல் 24 பேரை, 80 சதவீதத்தினரைப் பிடித்திருக்கிறோம். தேடுவதற்கு இது நல்ல வலை. வேண்டாத 16 பேர் வந்து சேர்ந்ததால் பெரிய நஷ்டம் இல்லை. அவர்களைச் சில நாள் கவனித்துவிட்டு விட்டுவிடலாம்.

இப்போது "காய்ச்சலும், எக்ஸ்-ரேயில் நிமோனியாவும்" என்று இறுக்கினால் 9 பேர் மட்டுமே வருகிறார்கள். ஒன்பது பேரும் உண்மையான நோயாளிகள். ஆனால் 21 பேர் வெளியே நடமாடுகிறார்கள்.

அப்படியானால் எப்போதும் அகலமான வலையே போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். விடுதியில் முதல் கட்டடம், இரண்டாம் கட்டடம் என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் 100 பேர். உண்மையான தொற்று முதலாவதில் 25, இரண்டாவதில் 5. அதாவது முதல் கட்டடத்தில் ஆபத்து ஐந்து மடங்கு. அங்கே ஏதோ இருக்கிறது என்று யாருக்கும் புரியும். அகலமான வரையறையில் பார்த்தால் முதல் கட்டடத்தில் உண்மையான நோயாளிகள் 20, சாதாரணச் சளி 7, ஆக 27. இரண்டாவதில் உண்மையானவர்கள் 4, சளி 9, ஆக 13. விகிதம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. சாதாரணச் சளி இரண்டு கட்டடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் கலந்து, இருந்த வித்தியாசத்தைக் கரைத்துவிட்டது. உண்மையான காரணம் கண் முன்னே இருந்தும் "பெரிதாக ஒன்றுமில்லை" என்று கடந்து போகும் அபாயம் இதுதான்.

இறுக்கமான வரையறையில் இந்தக் கரைதல் இல்லை. ஆனால் மொத்தமே 9 பேர் என்பதால், 8-க்கு 1 என்று விழுந்தால் எட்டு மடங்கு, 7-க்கு 2 என்று விழுந்தால் மூன்றரை மடங்கு. ஒரே ஒருவர் இடம் மாறினால் விடை ஆடுகிறது.

இதே மூன்று எண்ணிக்கைகளோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். தீவிர சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 3 பேர் என்றால், இறுக்கமான வரையறையில் 9-க்கு 3, அதாவது மூன்றில் ஒருவர். அகலமானதில் 40-க்கு 3, அதாவது 7.5 சதவீதம். உண்மை 30-க்கு 3, பத்து சதவீதம். அதே விடுதி, அதே ஆட்கள், அதே கிருமி. "இந்த நோய் எவ்வளவு கொடியது?" என்ற கேள்விக்கு வரையறையே மூன்று வெவ்வேறு பதில்களைக் கொடுக்கிறது.

ஆய்வகப் பரிசோதனை இருக்கும்போது வரையறை எதற்கு?

பரிசோதனையும் வரையறையின் ஒரு பகுதிதான், அதற்கு மாற்று அல்ல. யாரைப் பரிசோதிப்பது என்று முடிவுசெய்வதற்கே முதலில் ஒரு வரையறை வேண்டியிருக்கிறது. அதோடு, பரிசோதனையும் தவறவிடும். சார்ஸில் மூக்கு, தொண்டை மாதிரிகளில் வைரஸின் அளவு நோய் தொடங்கிய பத்தாம் நாளை ஒட்டித்தான் உச்சத்தைத் தொட்டது. முதல் சில நாட்களில் எடுத்த மாதிரியில் பிசிஆர் "இல்லை" என்று சொன்னால், அதை வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் சந்தேகத்துக்குரியவர், அநேகமாக நோயாளி, உறுதிசெய்யப்பட்டவர் என்று மூன்று படிகள் வைக்கிறோம். ஒருவர் படி ஏறலாம், இறங்கலாம். பட்டியலிலிருந்து அவரை அழிக்க மட்டும் கூடாது.

"நோய் பரவிய இடத்துக்குப் போய்வந்தவர்" என்ற நிபந்தனையை வரையறையில் சேர்க்கலாமா?

புதிய நோய், பரிசோதனை இல்லை, அறிகுறிகளோ எந்தக் காய்ச்சலுக்கும் வரக்கூடியவை. அந்த நிலையில் சேர்க்காமல் இருப்பது கடினம். சார்ஸிலும் அப்படித்தான் சேர்த்தார்கள்: காய்ச்சல், இருமல் அல்லது மூச்சுத்திணறல், அதோடு முந்தைய 10 நாட்களுக்குள் ஒரு சார்ஸ் நோயாளியுடன் நெருங்கிய தொடர்பு அல்லது பரவல் உள்ள இடத்துக்குப் பயணம். அந்த நேரத்தில் அது நியாயமான முடிவு. ஆனால் இந்த நிபந்தனைக்கு ஒரு விலை உண்டு. தொடர்பு தெரியாத நோயாளி நம் கண்ணுக்கே படமாட்டார்.

டொராண்டோவில் இதைப் பார்த்தார்கள். 2003 மே 14 அன்று அந்த நகரம் உலக சுகாதார நிறுவனத்தின் பரவல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மே 26 அன்று மறுபடி சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவமனைக்குள் யாரும் சார்ஸ் என்று நினைக்காத நோயாளிகள் வழியாக அது பரவிக்கொண்டிருந்தது. நிமோனியா இருந்தது, வயதான, ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களுக்கு நிமோனியா வருவது புதிதல்ல, சார்ஸுடன் தொடர்பு எதுவும் தெரியவில்லை. சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

கோவிட் தொடங்கியபோது, வூஹானில் 2020 ஜனவரியின் முதல் பகுதியில் பயன்பட்ட வரையறையிலும் கடல் உணவுச் சந்தையுடனான தொடர்பு ஒரு நிபந்தனையாக இருந்தது. சந்தைக்குப் போனவர்களை மட்டும் நோயாளி என்று எண்ணினால், நோயாளிகளில் பெரும்பாலோர் சந்தைக்குப் போனவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தச் சதவீதத்தை எடுத்து "பாருங்கள், சந்தைதான் காரணம்" என்று வாதிட்டால், நாம் பெட்டிக்குள் வைத்ததை நாமே எடுத்துக் காட்டுவது போல ஆகும். சந்தைக்குத் தொடர்பே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த ஒரு எண் அதற்குச் சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

இதற்கு அழகான ஒரு வழியை 1976-இல் பிலடெல்பியாவில் காட்டினார்கள். அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியா அது. மாநாட்டில் கலந்துகொண்டிருக்க வேண்டும் அல்லது அது நடந்த ஹோட்டலுக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்பது வரையறை. ஆனால் ஹோட்டலுக்குள் போகாமல் பக்கத்துத் தெருவில் மட்டும் இருந்துவிட்டு அதே நோய் கண்டவர்களையும் விசாரித்தார்கள். "பிராட் ஸ்ட்ரீட் நிமோனியா" என்று தனிப்பெயர் கொடுத்துத் தனியாக எண்ணினார்கள். அப்படி 39 பேர் கிடைத்தார்கள். நோய்க்குக் காரணமானது ஹோட்டலின் சுவர்களுக்குள் மட்டும் இல்லை என்பதை அந்தத் தனிப்பட்டியல்தான் காட்டியது. இட நிபந்தனை வைத்தே ஆக வேண்டும் என்றால், அதைத் தவிர மற்ற எல்லாம் பொருந்துகிறவர்களுக்கு இப்படி ஒரு பக்கப் பட்டியல் வையுங்கள்.

நடுவில் வரையறையை மாற்றினால் என்ன ஆகும்?

வரைபடத்தில் ஒரு செங்குத்தான படி தோன்றும். வூஹான் இருக்கும் ஹுபே மாகாணம் 2020 பிப்ரவரி 12-க்கான கோவிட் கணக்கில் ஒரே நாளில் 14,840 புதிய நோயாளிகளைச் சேர்த்தது. அதில் 13,332 பேர் பரிசோதனையில் உறுதியாகாமல், மருத்துவர் பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் கண்டறிந்தவர்கள். அன்றுதான் அந்த வகையை எண்ணிக்கையில் சேர்த்தார்கள். நோய் அன்று திடீரென்று தாவவில்லை, மாறியது எண்ணும் வரையறைதான்.

மாற்றுவதில் தவறில்லை, அறிவு கூடும்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே "நோயாளி, ஆம்" என்று மட்டும் எழுதிவைத்தால் பின்னால் கை கட்டப்பட்டுவிடும். காய்ச்சல் உண்டா, எவ்வளவு, எந்தத் தேதி, இருமல் எப்போது, எக்ஸ்-ரே என்ன சொன்னது என்று மூலத் தகவலையே தனித்தனிக் கட்டங்களில் வைத்திருந்தால், புதிய வரையறையைப் பழைய ஆட்களுக்கும் போட்டு முதல் நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளலாம்.

தொடர்பில் இருந்தவர்களின் பட்டியலை எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எடுப்பது?

இரண்டு கால அளவுகள் தெரிந்தால் போதும். ஒருவர் எந்த நாளிலிருந்து பிறருக்குப் பரப்புகிறார், தொற்று ஏற்பட்டவருக்கு அறிகுறி வர அதிகபட்சம் எத்தனை நாள் ஆகும். இரண்டாவதுதான் நோயரும்பு காலம். நம் விடுதி நோயில் அறிகுறிக்கு 2 நாள் முன்பே பரவத் தொடங்குகிறது, நோயரும்பு காலம் 2 முதல் 10 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவருக்கு 14ஆம் தேதி காய்ச்சல் தொடங்குகிறது, 18ஆம் தேதி அவரைத் தனி அறைக்கு மாற்றுகிறார்கள். அப்படியானால் 12 முதல் 18 வரை அவரோடு நெருங்கிப் பழகியவர்கள் எல்லோரும் பட்டியலில் வருவார்கள். ஒவ்வொருவரையும் எவ்வளவு நாள் கவனிப்பது என்பது அவரவருடைய கடைசிச் சந்திப்பிலிருந்து எண்ண வேண்டியது. 13ஆம் தேதி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை 23 வரை, 18 வரை ஒரே அறையில் இருந்தவரை 28 வரை. எல்லோருக்கும் ஒரே முடிவுத் தேதி போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அதைவிட மோசமானது, நோயாளியின் பெயர் பட்டியலுக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவது.

நோயாளி வீட்டிலேயே இருந்து, தனி அறையும் இல்லை என்றால் சங்கடம்தான். கடைசிச் சந்திப்பு தினமும் தள்ளிக்கொண்டே போகும். நோயாளி பரப்பும் காலம் முடிந்த பிறகுதான் மற்றவர்களின் 10 நாளைத் தொடங்க முடியும்.

இந்தக் கணக்கு சார்ஸில் ஏன் பலித்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சார்ஸ் நோயாளி அறிகுறி தொடங்கிய பிறகுதான், அதிலும் உடல்நிலை மோசமாகும் இரண்டாம் வாரத்தில்தான் அதிகம் பரப்பினார். காய்ச்சல் வந்த அன்றே ஒருவரைத் தனிமைப்படுத்திவிட்டால் அவரிடமிருந்து போகும் சங்கிலி ஏறக்குறைய அறுந்துவிடும். அறிகுறிக்கு முன்பே பரவும் நோய்களில் இதே உழைப்பைப் போட்டாலும் இவ்வளவு பலன் வராது, கோவிட்டில் பார்த்தோம்.

அடுத்து யாருக்கு வரும் என்று பார்ப்பது சரி. யாரிடமிருந்து வந்தது என்று பின்னோக்கியும் ஏன் தேட வேண்டும்?

அங்கேதான் பெரிய கொத்து கிடைக்கும். 14ஆம் தேதி காய்ச்சல் வந்தவருக்குத் தொற்று ஏற்பட்டது 4-க்கும் 12-க்கும் இடையில். அந்த நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால், அதே இடத்தில் அதே நேரத்தில் தொற்றிக்கொண்ட வேறு பலரும் கிடைக்க வாய்ப்புண்டு. காரணம் எளிமையானது. பெரும்பாலோர் ஒருவருக்கும் பரப்பாமலோ, ஒருவருக்கு மட்டும் பரப்பியோ நின்றுவிடுகிறார்கள். சிலர் பத்துப் பேருக்குப் பரப்புகிறார்கள். ஏதோ ஒரு நோயாளியை எடுத்து அவருக்குக் கொடுத்தது யார் என்று பார்த்தால், அந்தப் பத்துப் பேருக்குப் பரப்பியவரிடம் போய்ச் சேரும் வாய்ப்புதான் அதிகம். அவரால் வந்தவர்கள்தானே எண்ணிக்கையில் அதிகம்.

சார்ஸின் கதையே இப்படித்தான் துலங்கியது. ஹனோய், சிங்கப்பூர், டொராண்டோ, ஹாங்காங் என்று தனித்தனியாகத் தெரிந்த கொத்துகளில் முதலில் வந்தவர்கள் பிப்ரவரியில் எங்கே இருந்தார்கள் என்று பின்னோக்கிப் போனபோது, எல்லா நூலும் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில் 9ஆம் மாடியில் வந்து முடிந்தது. குவாங்டாங்கிலிருந்து வந்த ஒரு மருத்துவர் பிப்ரவரி 21 அன்று, ஏற்கெனவே உடம்பு சரியில்லாத நிலையில், அந்த மாடியில் தங்கியிருந்தார். "உங்களுக்கு நோய் வந்த பிறகு யாரைப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தந்த ஊரின் மருத்துவமனைகளைத் தாண்டி யாரும் போயிருக்க முடியாது.

பட்டியலில் முதலில் வந்தவர்தானே நோயைக் கொண்டுவந்தவர்?

பெரும்பாலும் இல்லை. அவர் நம் கண்ணில் முதலில் பட்டவர், அவ்வளவுதான். லேசான காய்ச்சலோடு மூன்று நாள் முன்பே படுத்து எழுந்தவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மோசமானவர் மருத்துவமனைக்கு வந்ததால் பெயர் பதிவாகிறது. அறிகுறி தொடங்கிய தேதியை வைத்துப் பட்டியலை மறுபடி அடுக்கிப் பாருங்கள், வரிசை மாறும். "முதல் நோயாளி" என்று ஒருவரை அடையாளம் காட்டிப் பேசுவதை நான் வகுப்பிலும் அனுமதிப்பதில்லை. அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்ட மனிதர் அதைச் சுமந்துகொண்டே வாழ வேண்டியிருக்கும்.

தொடர்பறிதல் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேரைப் பட்டியலில் போட்டோம் என்பதை வைத்து அல்ல. புதிதாக நோயுற்றவர்களில் எத்தனை பேர், நோயுறும் முன்பே நம் பட்டியலில் இருந்தார்கள் என்பதை வைத்துத்தான். இந்த வாரம் விடுதியில் 12 புதிய நோயாளிகள், அதில் 9 பேர் ஏற்கெனவே கவனிப்பில் இருந்தவர்கள் என்றால் நல்லது. 3 பேர் நமக்குத் தெரியாத சங்கிலியிலிருந்து வந்திருக்கிறார்கள், அந்த மூவரிடமிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். 12-இல் 2 பேர்தான் பட்டியலில் இருந்தார்கள் என்றால் நோய் நமக்கு முன்னால் ஓடுகிறது. கூடவே, அறிகுறி தொடங்கிய நாளுக்கும் தனிமைப்படுத்திய நாளுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்றும் பாருங்கள்.

ஆனால் 12-க்கு 12 என்று வந்தால் நான் மகிழ்ச்சியடைவதைவிடக் கவலைப்படுவேன். தொடர்பில் இருந்தவர்களை மட்டுமே பரிசோதித்துக்கொண்டிருந்தால், கிடைக்கும் நோயாளிகள் அத்தனை பேரும் தொடர்பில் இருந்தவர்களாகத்தானே இருப்பார்கள்? டொராண்டோவின் கதை இங்கேயும் வருகிறது. இதைச் சோதிக்க ஒரே வழி, தொடர்பு எதுவும் இல்லாத நிமோனியா நோயாளிகள் சிலரையும் தொடர்ந்து பரிசோதிப்பது. அவர்களிடம் எதுவும் கிடைக்காதபோது அந்த நூறு சதவீதத்துக்கு மதிப்பு உண்டு.

சார்ஸில் இறப்பு விகிதம் ஏன் மாறிக்கொண்டே போனது?

ஆரம்பத்தில் சுமார் 4 சதவீதம் என்றார்கள். மே மாதத் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் 14 முதல் 15 சதவீதம் என்று திருத்தியது. எல்லாம் முடிந்தபின் இறுதிக் கணக்கில் 8,096 நோயாளிகள், 774 இறப்புகள். 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. வைரஸ் இடையில் கொடியதாக மாறிப் பிறகு சாந்தமானது என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போடும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு நோயில் பத்தில் ஒருவர் இறக்கிறார், ஆனால் நோய் தொடங்கி மூன்று வாரம் கழித்துத்தான் முடிவு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய நோயாளிகள் முதல் வாரம் 10, பிறகு 20, 40, 80. நான்காம் வார முடிவில் மொத்தம் 150 பேர். முடிவு தெரிந்தவர்கள் முதல் வாரத்து 10 பேர் மட்டுமே, அதில் ஒருவர் இறந்திருக்கிறார். ஒன்றை 150-ஆல் வகுத்தால் ஒரு சதவீதம்கூட இல்லை. மற்ற 140 பேர் இன்னும் படுக்கையில் இருக்கிறார்கள். அவர்களைப் பிழைத்தவர்களாக எண்ணிவிட்டோம். பரவல் வேகமாக இருக்க இருக்க இந்தத் தவறு பெரிதாகும்.

முடிவு தெரிந்தவர்களை மட்டும் எடுத்தால் 10-க்கு 1, சரியான விடை. ஆனால் இந்த வழியும் எப்போதும் சரிவராது. இறப்பு சீக்கிரமும் குணமடைந்து வீடு திரும்புவது தாமதமாகவும் நடந்தால் விகிதம் ஊதிப் பெரிதாகும். நோயுற்ற வாரத்தை வைத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் முடிவு வரை பின்தொடர்வதுதான் நம்பகமான வழி.

எதிர்ப்பக்கம் இழுக்கும் சாய்வும் உண்டு. முதலில் கண்ணில் படுபவர்கள் மருத்துவமனைக்கு வந்த மோசமான நோயாளிகள். லேசாக வந்தவர்கள் நாம் வகுக்கும் மொத்த எண்ணிக்கையில் இல்லை. 2009-இல் எச்1என்1 பன்றிக்காய்ச்சல் மெக்சிகோவில் முதலில் மிகக் கொடியதாகத் தெரிந்ததற்கு இது ஒரு காரணம். ஒன்று குறைத்துக் காட்டுகிறது, ஒன்று கூட்டிக் காட்டுகிறது, இரண்டும் சமனாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி நடக்க எந்தக் கட்டாயமும் இல்லை.

அப்புறம், அந்த 8,096 என்ற மொத்தமும் ஒரே மாதிரியான கூட்டம் அல்ல. ஹாங்காங்கில் 1,755 பேரில் 299 பேர் இறந்தார்கள், 17 சதவீதம். சீன நிலப்பகுதியில் 5,327-இல் 349 பேர், 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நோயாளிகளின் வயது, யாரையெல்லாம் நோயாளி என்று சேர்த்தார்கள் என்பதெல்லாம் இந்த வித்தியாசத்துக்குள் இருக்கின்றன. மே மாத மதிப்பீட்டிலேயே 24 வயதுக்குக் கீழ் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 65-க்கு மேல் 50 சதவீதத்துக்கும் அதிகம் என்று இருந்தது. வயதைப் பிரிக்காமல் ஒற்றை விகிதத்தைச் சொன்னால் கேட்கிறவர் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டும் வளைவு நான்கு நாளாக இறங்குகிறது. பரவல் குறைகிறது என்று சொல்லலாமா?

இன்னும் வேண்டாம். அறிகுறி தொடங்கிய தேதிப்படி வரைந்த வளைவின் வலது ஓரம் எப்போதுமே இறங்கித்தான் தெரியும். தினமும் மாறாமல் 10 பேர் நோயுறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே தகவல் வருவது 2 பேரைப் பற்றி. மறுநாளுக்குள் 5, அதற்கடுத்த நாள் 7, பிறகு 9, நான்காம் நாள்தான் 10-ம் முழுமையாகிறது. இன்று வளைவை வரைந்தால் பழைய நாட்களெல்லாம் 10, கடைசி நான்கு நாட்கள் 9, 7, 5, 2. அருமையான இறக்கம். உண்மையில் எதுவும் குறையவில்லை.

கண்டுபிடிப்பது சுலபம், நேற்றைய பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்தால். தினமும் மாலையில் பட்டியலின் ஒரு பிரதியைத் தேதியோடு சேமியுங்கள். நேற்று 5 என்று இருந்த நாள் இன்று 7 ஆகியிருக்கிறதா என்று ஒப்பிட்டால், தகவல் எவ்வளவு தாமதமாக நிரம்புகிறது என்று சில நாட்களிலேயே தெரிந்துவிடும். அதை வைத்துத் திருத்தவும் முடியும்: மறுநாளுக்குள் பாதிதான் வரும் என்று தெரிந்தால், நேற்றைய 5 என்பது சுமார் 10. இன்றைய 2-ஐ இப்படிப் பெருக்குவதை நான் தவிர்ப்பேன்; தற்செயலாக ஒருவர் கூடினாலே விடை 15 ஆகிவிடும். விடுமுறை நாட்களில் தாமதம் கூடும், ஆய்வகத்தில் மாதிரிகள் தேங்கினாலும் கூடும். அப்போது பழைய விகிதம் உதவாது.

அப்படியானால் என் விளக்கத்தில் வளைவை எப்படிக் காட்டுவது?

முழுமையாகாத அந்தக் கடைசி நான்கு தூண்களைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். அச்சில் இருப்பது அறிகுறி தொடங்கிய தேதியா, தகவல் வந்த தேதியா என்று எழுதுங்கள். படத்துக்குக் கீழே எந்த வரையறை, அது எந்த நாள் முதல் அமலில் இருக்கிறது, பட்டியல் எந்த நாள் எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒரு வரி போடுங்கள். வரையறை மாறிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு. பார்வையாளர்களில் யாராவது "அந்தக் கோட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வரையறையில் எண்ணினால் எப்படி இருக்கும்?" என்று கேட்பார், அந்தப் படத்தையும் வரைந்து அடுத்த பக்கத்தில் தயாராக வைத்திருங்கள்.